செந்தில்குமார் சாருக்கு: ஈடிபி பிளாண்ட் ஹெட் வேலை ஒன்னு பத்தி, பெருந்துறை பக்கம்

வணக்கம் சார். என் பேர் கவிதா, கோயம்புத்தூர்ல இருக்கேன். டெக்ஸ்டைல் ப்ராசஸிங், தண்ணி சுத்திகரிப்பு இந்த ரெண்டு லைன்ல மட்டும் கம்பெனிகளுக்கு ஆள் பாத்துக் குடுக்கற வேலை பண்றேன். நீங்க இப்ப வேலை தேடலைன்னு எனக்குத் தெரியும்ங்க, தேடற மாதிரி எங்கயும் போடவும் இல்ல, அதனால உங்க நேரத்த ரொம்ப எடுத்துக்காம விஷயத்த முதல்லயே சொல்லிடறேன்.

பெருந்துறை பக்கம் ஒரு நிட்வேர் எக்ஸ்போர்ட் கம்பெனி, சொந்த டையிங், சொந்த ஈடிபி, முழு ஜீரோ டிஸ்சார்ஜ். இப்ப ஒரு நாளைக்கு 1,200 கிலோலிட்டர் ஓடற பிளாண்ட்ட 2,000க்கு பெருசாக்கறாங்க. அதுக்கு பிளாண்ட் ஹெட் வேணும். வருஷத்துக்கு 17ல இருந்து 20 லட்சம் வரைக்கும் சம்பளம். இந்த ஆளு டையிங் மேனேஜருக்குக் கீழ வரமாட்டாரு, நேரா எம்டி கிட்ட தான் ரிப்போர்ட்டிங். கேட்டுப் பாக்கலாம்னு தோணுச்சுன்னா "சரி"ன்னு ஒரு வார்த்தை போடுங்க, நான் உங்களுக்குத் தோதான நேரத்துல கூப்பிடறேன். வேண்டாம்னா அதையும் ஒரு வார்த்தைல சொல்லிடுங்க, காரணம் சொல்லத் தேவையில்ல. பதிலே போடலைன்னாலும் தப்பா எடுத்துக்க மாட்டேன், இந்த வேலைய பத்தி மறுபடி மெசேஜ் பண்ணவும் மாட்டேன்.

சொல்ல வேண்டியது அவ்வளவு தாங்க. இதுக்குக் கீழ இருக்கறது விவரம், ஷிப்ட் முடிஞ்சு நேரம் இருந்தா படிங்க, இல்லைன்னா இதோட விட்டுடலாம்.

உங்கள எப்படித் தெரியும்ங்கறத சொல்லிடணும். போன வருஷம் கோயம்புத்தூர்ல நடந்த ஒரு டெக்னிக்கல் மீட்டிங்ல நீங்க ஆர்ஓ மெம்பரேன் பத்திப் பேசுனீங்க, நான் பின் வரிசைல இருந்தேன். மத்தவங்க எல்லாம் ஸ்லைடு போட்டாங்க, நீங்க வீணாப்போன மெம்பரேன் ரெண்ட நடுவுல வெட்டி விரிச்சு எடுத்துட்டு வந்து டேபிள் மேல வச்சீங்க. ஒன்னுல பிசுபிசுன்னு பழுப்பா ஒட்டியிருந்தது பயாலஜிக்கல்ல சரியா உடையாத ஆர்கானிக், இன்னொன்னுல சொரசொரன்னு வெள்ளையா இருந்தது சிலிக்கா, ரெண்டுக்கும் ஒரே கெமிக்கல் போட்டு கழுவறதால தான் மெம்பரேன் சீக்கிரம் போகுதுன்னு சொன்னீங்க. எல்லாரையும் தொட்டுப் பாக்கச் சொன்னீங்க. அன்னிக்கு உங்க பேர டைரில எழுதி வச்சேன், ஆனா உங்களுக்குப் பொருந்தற மாதிரி வேலை எதுவும் அதுக்கப்புறம் என் கைக்கு வரல, அதனால தான் இதுவரைக்கும் தொந்தரவு பண்ணல. உங்க நம்பர யாரு கிட்டயும் கேட்டு வாங்கலைங்க, அதனால தான் லிங்க்ட்இன்லயே எழுதறேன். உங்க ஆபீஸ்லயும் யாருகிட்டயும் உங்க பேர எடுக்கல.

அந்தப் பேச்சு முடிஞ்சப்புறம் கேள்வி நேரத்துல ஒருத்தர் கேட்டாரு, பிளாண்ட்ட நல்லா ஓட்டறதுக்கு முக்கியமா என்ன வேணும்னு. ஈக்வலைசேஷன் டேங்க் நிரம்பிடுச்சுன்னா டையிங்க நிறுத்துன்னு சொல்ற அதிகாரம் வேணும், அது இல்லாம மெஷின் எவ்வளவு நல்லா இருந்தாலும் பிரயோஜனம் இல்லைன்னு சொன்னீங்க. இந்தக் கம்பெனி ஆளுங்க கூட நான் முதல் தடவை உக்காந்து பேசுனப்ப எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பதில் தான். ஏன்னா அவங்க கதையும் அதுவே. ஆர்டர் அவசரம்னா டையிங் சைடுல ஓவர்லோடு ஏத்தறது, தண்ணி மொத்தமா ஈடிபிக்கு வந்து சேர்றது, பயாலஜிக்கல் தாங்காம சிஓடி ஏறுனதோட ஆர்ஓக்குப் போறது, மெம்பரேன் அடைச்சுக்கறது, ரிகவரி குறைஞ்சு ரிஜெக்ட் அதிகமாகி எவாபரேட்டர் ராத்திரி பகலா ஓடறது, கரன்ட் பில்லப் பாத்துட்டு கடைசில ஈடிபி ஆளத் திட்டறது. இத எம்டியே என்கிட்ட வரிசையா சொன்னாரு, யாரு மேலயும் பழி போடாம. அவரு ஒத்துக்கிட்ட தீர்வு, டேங்க் லெவல் இவ்வளவுக்கு மேல போச்சுன்னா புது லாட் ஏத்தக் கூடாது, அந்த முடிவ ஈடிபி ஹெட் எடுக்கலாம், டையிங் மேனேஜர் மாத்த முடியாது. இத வாய்ப்பேச்சா விட வேண்டாம், ஆஃபர் லெட்டர்லயே எழுதணும்னு நான் கேட்டேன், சரின்னுட்டாரு. அந்த வாசகத்தோட டிராஃப்ட் என்கிட்ட இருக்கு, நீங்க பேசறதுக்கு முன்னாடியே காட்ட முடியும்.

திருப்பூர்ல வேலை பாக்கற உங்களுக்கு நான் 2011 கதைய சொல்லித் தர வேண்டியதில்ல. ஹைகோர்ட் உத்தரவுல சாயப்பட்டறை எல்லாம் மூடுன அந்த ஜனவரியில இருந்து இந்த ஊர்ல ஈடிபி நல்லா ஓடினா தான் டையிங் ஓடும். ஆனா பல இடத்துல ஈடிபி ஆளுக்குக் குடுக்கற மரியாதை மட்டும் இன்னும் அந்த அளவுக்கு வரலைங்க, சம்பளத்துலயும் சரி, மீட்டிங்ல உக்கார வைக்கற இடத்துலயும் சரி. இந்த லைன்ல ஆள் பாத்துக் குடுக்கற எனக்கு அது உண்மையாவே வருத்தம், அதனால இந்த மாதிரி ஒரு வேலை வரும்போது சரியான ஆள் கிட்ட தான் முதல்ல சொல்லணும்னு நினைச்சேன்.

பிளாண்ட் பத்தி நான் பாத்தது. ப்ரீ ட்ரீட்மென்ட், பயாலஜிக்கல், யுஎஃப், மூனு ஸ்டேஜ் ஆர்ஓ, எம்விஆர், அதுக்கப்புறம் கிரிஸ்டலைசர். இதுல பயாலஜிக்கல் டேங்க் சின்னது, அத பெருசு பண்றது தான் எக்ஸ்பான்ஷன்ல முதல் வேலை, சிவில் ஆரம்பிச்சாச்சு. எவாபரேட்டருக்கு முன்னாடி நானோ ஃபில்ட்ரேஷன் போட்டு பிரைன திருப்பி டையிங்குக்கே குடுக்கணும்ங்கறது பிளான், ஆனா மெஷின் யாரு கிட்ட வாங்கறதுன்னு இன்னும் முடிவு பண்ணல. வர்ற பிளாண்ட் ஹெட்டக் கேட்டு தான் ஆர்டர் போடுவோம்னு சொல்லியிருக்காங்க. நீங்க முன்னாடி ஒரு போஸ்ட்ல ரெண்டு சோடியம் சல்பேட் சாம்பிள பக்கத்துல பக்கத்துல வச்சு போட்டோ போட்டிருந்தீங்க, மஞ்சள் அடிக்கற உப்ப டையிங்காரங்க வெளிர் ஷேடுக்குத் தொடவே மாட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க. இங்க எடுக்கற உப்பு அந்த மஞ்சள் சாம்பிள் மாதிரி தாங்க இருக்கு, நானே கைல எடுத்துப் பாத்தேன்.

கஷ்டமான பக்கத்தையும் சொல்லிடறேன், நீங்க வந்து பாத்துத் தெரிஞ்சுக்கறத விட இப்பவே தெரியறது நல்லது. ஷெட்ல பழைய மிக்சட் சால்ட் மூட்டை நிறைய அடுக்கி வச்சிருக்காங்க, அத என்ன பண்றதுங்கறது புதுசா வர்றவரு தலைல தான் விழும். கமிஷனிங் நேரத்துல முதல் ஆறு மாசம் ராத்திரி போன் வரும், சில நாள் அங்கயே தங்க வேண்டியும் வரலாம். ஆபரேட்டர் டீம்ல அனுபவம் உள்ளவங்க கம்மி, லேப் கெமிஸ்ட் ரெண்டு பேரு நல்லா இருக்காங்க, மத்தபடி பசங்கள நீங்க தான் பழக்கணும். குவார்ட்டர்ஸ் கிடையாது. நீங்க திருப்பூர்லயே இருந்துக்கிட்டு ஊத்துக்குளி வழியா வந்து போறதுன்னா ஒரு வழிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர், அதுக்கு கார், டிரைவர் குடுக்கறாங்க.

இன்னொன்னு, இந்த வேலைல இருக்கறவங்க எல்லாரும் மனசுக்குள்ள வச்சிருக்கற பயம். நாளைக்கு பொல்யூஷன் போர்டுல இருந்து ஒரு நோட்டீஸ் வந்தா யாரு பதில் சொல்றது? கேட்டுட்டேங்க. கன்சென்ட் பேப்பர்ல கையெழுத்து போடறது டைரக்டர் ஒருத்தரு, பிளாண்ட் ஹெட் இல்ல. ரீடிங் எதையும் மாத்தி எழுதச் சொல்லி யாரும் கேக்கக் கூடாதுன்னு நான் நேருக்கு நேர் சொன்னப்ப, போர்டுக்கு லைவா போற மீட்டர்ல கை வைக்கற ஆளே எங்களுக்கு வேண்டாம்னாரு எம்டி. அவரு சொன்னத அப்படியே உங்களுக்குச் சொல்றேன், அத நம்பறதா இல்லையாங்கறத நீங்க நேர்ல பேசித் தான் முடிவு பண்ணணும்.

பண விஷயம். 17 டு 20ங்கறது மொத்த சிடிசி, இதுல கைக்கு எவ்வளவு வரும்னு பிரேக்கப் தனியா அனுப்பறேன். உங்க இப்பத்த சம்பளம் என்னன்னு நான் கேக்க மாட்டேன், அது மேல இத்தனை பர்சன்ட்னு கணக்குப் போடற வேலை இது இல்ல, வேலைக்குன்னு ஒதுக்கின பட்ஜெட் இது தான். உங்க ப்ரொஃபைல் படி இப்ப இருக்கற இடத்துல எட்டு வருஷம் முடிஞ்சிருக்கு, அஞ்சு வருஷம் தாண்டிட்டதால கிராஜுவிட்டி உங்களுக்கு வர வேண்டியது தான், மாறுனா போயிடும்னு யாராவது சொன்னா நம்ப வேண்டாம். பிஎஃப் அதே யுஏஎன்ல மாறிக்கும். தீபாவளி போனஸ் வாங்கிட்டு வர்றதுன்னாலும் சரி, நோட்டீஸ் பீரியட் முழுசா முடிச்சுட்டு தான் வருவேன்னாலும் சரி, காத்திருக்கத் தயாரா இருக்காங்க, இப்ப இருக்கற ஹெட் மார்ச்ல தான் ரிட்டையர் ஆகறாரு. என்னோட ஃபீஸ் கம்பெனி தர்றது, உங்க கிட்ட ஒரு ரூபாயும் வாங்க மாட்டேன், யாராவது என் பேரச் சொல்லிக் கேட்டாலும் குடுக்காதீங்க.

கம்பெனி பேர் இங்க எழுதாததுக்குக் காரணம், இந்த விஷயம் அங்க இருக்கற டீமுக்கு இன்னும் தெரியாது. போன்ல பேசும்போது முதல் வரிலயே சொல்லிடறேன். அதே மாதிரி உங்க பேரும் அவங்களுக்கு இதுவரைக்கும் தெரியாது, நீங்க சரின்னு சொல்லாம நான் சொல்லவும் மாட்டேன். ரெஸ்யூமே எதுவும் இப்ப வேண்டாம். முதல்ல நாம ஒரு பதினஞ்சு நிமிஷம் பேசலாம், பிடிச்சா ஒரு ஞாயித்துக்கிழமை பிளாண்ட்ட நேர்ல போய்ச் சுத்திப் பாக்க ஏற்பாடு பண்றேன், அத இன்டர்வியூவா நினைக்க வேண்டாம், நீங்க அவங்கள கேள்வி கேக்கறதுக்குத் தான். லாக் புக், மெம்பரேன் கிளீனிங் ரெக்கார்டு, ஆறு மாச கரன்ட் பில் இதெல்லாம் காட்டறேன்னு சொல்லியிருக்காங்க. வீட்ல பேசிட்டு சொல்றேன்னாலும் நிதானமா சொல்லுங்க, இந்த மாசக் கடைசி வரைக்கும் நான் வேற யாருக்கும் இத அனுப்ப மாட்டேன்.

வேலை நாள்ல உங்களுக்கு எப்ப தோதுன்னு எனக்குத் தெரியாது, சாயங்காலம் ஏழு மணிக்கு மேலயோ ஞாயித்துக்கிழமை காலைலயோ சொன்னா கூப்பிடறேன். அதுக்கு முன்னாடி டைப் பண்ணியே ஏதாவது கேக்கணும்னாலும் இங்கயே கேளுங்க சார்.

நன்றிங்க,
கவிதா
கோயம்புத்தூர்