2026 ஏப்ரல் 1 முதல் வடிவமைப்புக் கட்டணம் மாறுகிறது: வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தல்

ஹட்டன்
2026 பெப்ரவரி 20

என்னிடம் வழக்கமாக வேலை தரும் அண்ணன்மார், அக்காமார், சேர்மார், கோயில் கமிட்டி ஐயாமார் அனைவருக்கும் வணக்கம்.

விசயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2026 ஏப்ரல் 1, புதன்கிழமை முதல் என் வடிவமைப்புக் கட்டணத்தைக் கூட்டுகிறேன். கூடும் அளவு வேலைக்கு வேலை வேறுபடும். நான்கில் ஒரு பங்குக்குக் குறையாது, மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் போகாது. இப்போதைய கட்டணம் 2023 நடுப்பகுதியில் வைத்தது. அதற்குப் பிறகு நான் அதில் கை வைக்கவில்லை.

புதிய கட்டணங்கள்:

கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, புதுமனை புகுவிழா அழைப்பிதழ் (ஒரு மொழியில்): 3,500 ரூபாவாக இருந்தது 4,500 ரூபா
அதே அழைப்பிதழ் இன்னொரு மொழியில், ஒவ்வொன்றுக்கும்: 750 ரூபாவாக இருந்தது 1,000 ரூபா
பெனர், எந்த அளவானாலும்: 2,000 ரூபாவாக இருந்தது 2,500 ரூபா
டியூஷன் வகுப்பு, கடைத் துண்டுப்பிரசுரம், ஒரு பக்கம்: 1,800 ரூபாவாக இருந்தது 2,300 ரூபா
ஹோட்டல் மெனு, தங்குமிட விளம்பர மடிப்பு, ஒரு பக்கம்: 1,500 ரூபாவாக இருந்தது 2,000 ரூபா
பேஸ்புக் பக்கத்துக்கு மாதம் 12 பதிவுகள்: 15,000 ரூபாவாக இருந்தது 19,000 ரூபா

இவை வடிவமைப்புக்கு மட்டும். அச்சுக்கூலி, கடதாசி, பெனர் துணி, ஒட்டுக்கூலி எல்லாம் பிரஸ்காரர் கணக்கு. வருசா வருசம் யாராவது ஒருவர் “அந்தக் காசுக்குள் 300 கார்டும் வரும்தானே?” என்று கேட்கிறார். வராது. எந்தப் பிரஸ்ஸில் அடிப்பது என்பது உங்கள் விருப்பம். எங்கே கொடுத்தாலும் அவர்களுக்கு ஏற்றபடி பிடிஎஃப் நான் தருவேன், அதற்குத் தனியாகக் கேட்பதில்லை.

இனி ஏன் கூட்டுகிறேன் என்பது. டொலரையும் கரண்ட் பில்லையும் காட்டித்தான் பலரும் விலை கூட்டுகிறார்கள். நான் அப்படிச் செய்யப் போவதில்லை. டொலர் 2023 நடுவிலும் 300 ரூபாவை ஒட்டித்தான் நின்றது, இன்றும் அங்கேதான் நிற்கிறது. மின் கட்டணம் 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்தது, ஜூனில் 15 வீதம் கூடியது. இந்த ஏற்ற இறக்கத்தை உங்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

உண்மையான காரணம், ஒரு வேலை என்று நாம் சொல்வது இந்த மூன்று வருசத்தில் மூன்று, நான்கு வேலையாகிவிட்டது. முன்பு கல்யாண கார்ட் என்றால் ஒரு கார்ட்தான். இரண்டு பக்கம், உறை மேல் பெயர், முடிந்தது. இப்போது பிரஸ்ஸுக்கு ஒன்று, வட்ஸ்அப்பில் அனுப்ப நீட்டுப் படமாக ஒன்று, ஸ்டேட்டஸில் போட முப்பது செக்கன் வீடியோ ஒன்று, மாப்பிள்ளையின் கொழும்பு நண்பர்களுக்குச் சிங்களத்தில் ஒன்று, மண்டப வாசலுக்கு ஆளுயரப் பெனர் ஒன்று. கேட்பதில் தப்பே இல்லை, காலம் அப்படி. ஆனால் இவ்வளவு காலமும் இரண்டாம் மொழிக்கும் பெனருக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டு மற்றதெல்லாம் கார்ட் கணக்கிலேயே போய்க்கொண்டிருந்தது. ஏப்ரலில் இருந்து 4,500 ரூபாவுக்குள் அச்சுக் கோப்பும் வட்ஸ்அப் படமும் அடக்கம். வீடியோ வேண்டுமானால் 1,500 ரூபா தனி.

இன்னொரு காரணம் கணினி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றது. என் பழைய பெட்டி விண்டோஸ் 11ஐ ஏற்காது. உங்கள் அடையாள அட்டை நகலும் வாடிக்கையாளர் பட்டியலும் கிடக்கும் பெட்டியைப் பாதுகாப்பு இல்லாமல் இணையத்தில் விட எனக்கு மனமில்லை. புதிது வாங்கினேன், தவணை கட்டுகிறேன்.

இந்த அறிவித்தலை டிசம்பரிலேயே அனுப்ப நினைத்திருந்தேன். நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து நம் மலைகளில் மண் சரிந்து, ரயில் பாதையும் உடைந்து கிடந்த நேரத்தில் விலை பற்றிப் பேச வாய் வரவில்லை. அந்தப் புயலால் தள்ளிப்போன கல்யாணம், சடங்கு எதுவானாலும் திகதி, மண்டபம், நேரம் மாற்றித் தருவதற்குக் காசு கிடையாது. ஏப்ரலுக்குப் பிறகு புதுத் திகதி குறித்தாலும் அப்படித்தான். அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்குப் பழைய விலையே. பற்றுச்சீட்டு தண்ணீரோடு போயிருந்தாலும் பரவாயில்லை, என் புத்தகத்தில் பதிவு இருக்கிறது.

கூடாத கட்டணங்களும் உண்டு.

மரண அறிவித்தல், 31ஆம் நாள் நினைவஞ்சலி இரண்டும் இப்போதுள்ள 1,000 ரூபாவிலேயே இருக்கும். அவசரக் கட்டணமும் இல்லை. இரவு இரண்டு மணிக்கு என்றாலும் அழையுங்கள்.

தோட்டக் கோயில் திருவிழா நோட்டீஸ் 2,500 ரூபா. 2026 முடியும்வரை இதில் மாற்றமில்லை. கமிட்டி அந்தக் காசை எப்படிச் சேர்க்கிறது என்று எனக்குத் தெரியும், லயத்து வீடு வீடாக ஏறி இறங்கி வாங்கும் வரிப் பணம் அது. நாட்சம்பளத்தை 1,350 ரூபாவில் இருந்து 1,550 ஆக்கி, வருகைக்கு இன்னும் 200 தருவதாக இந்த வருசத்து பட்ஜெட்டில் அறிவித்தார்கள் என்பதற்காக நானும் ஒரு கை நீட்டுவது சரியில்லை. ஆனால் கமிட்டி ஐயாமாரிடம் ஒரு வேண்டுகோள். உபயகாரர் பெயர்ப் பட்டியலை முடிவு செய்துவிட்டு அனுப்புங்கள். நோட்டீஸ் பிரஸ்ஸுக்குப் போன பிறகு “மூன்றாம் நாள் உபயத்தில் ஒரு பெயர் விட்டுப்போச்சு தம்பி” என்று என் தம்பிக்கு அழைப்பு வருகிறது. அவன் என்ன செய்வான், பாவம்.

அடுத்தது திருத்தம். ஒவ்வொரு வேலையிலும் இரண்டு முறை திருத்தித் தருவது கட்டணத்துக்குள் அடங்கும். மூன்றாவது முறையில் இருந்து முறைக்கு 500 ரூபா. என் பக்கம் விழுந்த எழுத்துப்பிழைக்கு இந்தக் கணக்கு இல்லை, எத்தனை முறையானாலும் நான்தான் திருத்தித் தரவேண்டும். வீட்டில் பெரியவர்கள், தாய்மாமன், சம்பந்தி வீட்டார் என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காட்டி, எல்லா மாற்றத்தையும் ஒன்றாக அனுப்பினால் பெரும்பாலும் இரண்டு முறைக்குள் முடிந்துவிடும். ஒருவர் “சிவப்பு”, இன்னொருவர் “மெரூன்” என்று தனித்தனியாக அனுப்பினால்தான் கணக்கு ஏறும். யார் கடைசிச் சொல் சொல்வது என்று வீட்டுக்குள் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

செலவைக் குறைக்க உங்களால் முடிந்தவையும் சில இருக்கின்றன. விபரத்தைத் தட்டச்சு செய்து அனுப்புபவர்கள் யூனிகோடில் அனுப்புங்கள். பள்ளிக்கூடங்களிலும் பழைய தட்டச்சு நிலையங்களிலும் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத போனில் “வணக்கம்” என்பது `tzf;fk;` என்று தெரியும். மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, நான் மாற்றியும் தருகிறேன். ஆனால் மாற்றும்போது அங்கங்கே ஒரு கால், ஒரு கொம்பு இடம் மாறும். அதனால் ஒவ்வொரு பெயரையும் மறுபடி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பக்கக் கணக்கில் பெரிய மலர், ஆண்டறிக்கை என்றால் இதற்கு இனிமேல் பக்கத்துக்கு 150 ரூபா எடுப்பேன். சின்ன வேலைக்கு எடுக்கமாட்டேன். குரல் பதிவில் விபரம் சொல்பவர்கள் பெயர்களை மட்டுமாவது எழுதி அனுப்புங்கள். படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக இணைத்து அனுப்பினால் அப்படியே வரும். ஆறடிப் பெனரில் உங்கள் முகம் மங்கலாக இருப்பதற்கு இதுதான் காரணம், பிரஸ்காரரைத் திட்டாதீர்கள்.

எந்த வேலைக்கு எந்த விலை என்று குழப்பம் வராமல் இருக்க: மார்ச் 31ஆம் திகதி நள்ளிரவுக்குள் விபரமும் பாதி அட்வான்ஸும் என் கைக்கு வந்த வேலைகள் அனைத்துக்கும் பழைய கட்டணம்தான், வேலை முடிவது மே மாதமானாலும் சரி. சித்திரைப் புத்தாண்டுச் சலுகை விளம்பரம், பங்குனி, சித்திரைத் திருவிழாப் பெனர், வைகாசிக் கல்யாணம் கையில் இருப்பவர்கள் இப்போதே சொல்லிவிட்டால் இந்த விலையிலேயே முடித்துக்கொள்ளலாம். “அக்கா, வேலை இருக்கு” என்று ஒரு மெசேஜ் மட்டும் போட்டு வைப்பது முன்பதிவு ஆகாது, அட்வான்ஸ் ஸ்லிப் வந்தால்தான் ஆகும். வேலை முடிந்து கோப்பு தரும்போது மீதிப் பாதி. இது முன்பிருந்தே உள்ள ஏற்பாடு.

மாதக் கணக்கில் பேஸ்புக் பதிவு செய்யும் தங்குமிடங்கள், கடைகள், டியூஷன் நிலையங்கள் கவனிக்க: மார்ச் மாதப் பில் 15,000 ரூபாவுக்கே வரும். ஏப்ரல் மாதப் பில்தான் 19,000 ரூபா. பயணிகள் வரவு குறைந்து கஷ்டப்படும் இடங்களுக்கு 12 பதிவு அதிகம் என்று தோன்றினால் மாதம் 6 பதிவு, 10,000 ரூபா என்று ஒரு சின்னத் திட்டமும் வைத்திருக்கிறேன். எல்ல, பண்டாரவளைப் பக்கம் சிலர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தொடர்வதா, சின்னத் திட்டத்துக்கு மாறுவதா, நிறுத்துவதா என்று மார்ச் 15ஆம் திகதிக்குள் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் தொடர்கிறீர்கள் என்று நானாக எடுத்துக்கொள்ள மாட்டேன், ஏப்ரல் வேலையைத் தொடங்கவும் மாட்டேன்.

விலை கட்டுப்படியாகவில்லை என்றால் வேறொருவரிடம் போவதில் எனக்கு வருத்தமில்லை. உங்கள் லோகோவும் இதுவரை செய்த வேலைகளின் திறந்த கோப்புகளும் உங்களுடையவை. கேட்டால் ஒரு பென்டிரைவில் போட்டுத் தருகிறேன், அதற்குக் காசு இல்லை. ஆனால் ஆளுக்கு ஒரு விலை என்று பேரம் பேசி முடிக்க என்னால் முடியாது. ஒருவருக்குக் குறைத்தால் அடுத்த பஸ்ஸில் மஸ்கெலியா வரை செய்தி போய்விடும்.

கேள்வி இருந்தால் வழக்கமான வட்ஸ்அப் இலக்கத்துக்கு எழுதுங்கள், பகல் என்றால் அழைக்கவும் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை பதில் தாமதமாகும்.

இப்படிக்கு,
ச. தர்ஷினி
வடிவமைப்பாளர், ஹட்டன்