வேலை கற்க நல்ல இடம். காசு விஷயத்தை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்

மதிப்பீடு: 5-க்கு 3
பணி: சீனியர் ஏஆர் காலர், மெடிக்கல் பில்லிங்
இடம்: சென்னை, பெருங்குடி
முன்னாள் ஊழியர், 2021 முதல் 2024 வரை, இரவு ஷிஃப்ட்

அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லுக்குப் பணம் வராதபோது இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்பதுதான் ஏஆர் காலர் வேலை. நான் இருந்தது ஒரே கிளையில், ஒரே பிராசஸில். கோடிங் டீம் எப்படி, மற்ற ஊர்க் கிளைகள் எப்படி என்று எனக்குத் தெரியாது. நேரில் பார்த்ததையும், என் பெயருக்கு வந்த மெயில், சம்பளச் சீட்டு இவற்றில் இருப்பதையும் மட்டுமே எழுதுகிறேன். மேனேஜர் இப்படி, டிஎல் அப்படி என்று ஃப்ளோரில் ஆயிரம் கதை ஓடும். அதெல்லாம் இங்கே வராது. கிளையன்ட் பெயரும் வராது, சேரும்போது கையெழுத்துப் போட்ட ரகசிய ஒப்பந்தம் வேலையை விட்ட பிறகும் செல்லும்.

பிடித்தவை

ஃப்ரெஷராக வருகிறவர்களுக்கு டிரெய்னிங் நன்றாக இருக்கும், இதைத் தயங்காமல் சொல்வேன். பி.காம் முடித்துவிட்டு இன்சூரன்ஸ் என்றால் எல்ஐசி மட்டும் தெரிந்து வந்த எங்கள் பேட்சுக்கு, அமெரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரி பில் எந்த வழியாகப் போய்ப் பணமாகத் திரும்புகிறது என்பதை ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். பணம் தர மறுத்து CO-16 என்று டினையல் வந்தால் கிளெய்மில் ஏதோ விவரம் விடுபட்டிருக்கிறது, CO-29 என்றால் கெடு தாண்டி அனுப்பியிருக்கிறார்கள். இதை மனப்பாடம் பண்ணச் சொல்லாமல் ஒவ்வொரு கிளெய்மாகத் திறந்துவைத்துப் பேசவைத்தார்கள். இன்று நான் இருக்கும் கம்பெனியில் இன்டர்வியூ தாண்டியதற்கு அந்த டிரெய்னிங்தான் காரணம்.

கேப் ஒழுங்காக வரும். இரவு ட்ராப்பில் பெண் ஒருவர் கடைசியாக இறங்கினால் கூடவே கார்டு இருப்பார். நான் போன ரூட்டில் இது ஒருநாளும் தவறியதில்லை. நடுராத்திரி கேன்டீனில் தயிர்சாதம் சுமார், இட்லி நன்றாக இருக்கும். நான் இருந்த வரை சம்பளம் மாதக் கடைசி நாளில் ஏறிவிடும்.

பொங்கலுக்கு வேலை, தேங்க்ஸ்கிவிங்குக்கு லீவு. மார்ச்சில் அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றினால் ஷிஃப்ட் ஒரு மணி நேரம் முன்னால் போகும், நவம்பரில் திரும்ப வரும். இதையெல்லாம் சேரும்போதே சொல்லிவிடுகிறார்கள், அதனால் குறையாகச் சொல்லமாட்டேன்.

பிடிக்காதவை

முதலில் டார்கெட். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டால் நாற்பது நிமிடம்கூட ஹோல்டில் இருக்கவேண்டி வரும். ஒரே இசை திரும்பத் திரும்பக் காதில் ஓடும். ஒருவழியாக எதிர்முனையில் ஆள் வந்தால், “ஒரு காலுக்கு மூன்று கிளெய்ம்தான்” என்பார். நாலாவதைக் கேட்க மறுபடி முதலிலிருந்து டயல் செய்யவேண்டும். அது அவர்கள் ஊர் விதி, இந்த நிறுவனத்தின் தவறு இல்லை. ஆனால் அந்த ஹோல்ட் நேரத்தை டார்கெட் கணக்கில் கழிப்பது கிடையாது. பேயர் என்பது பணம் தரவேண்டிய இன்சூரன்ஸ் கம்பெனி. சீக்கிரம் போன் எடுக்கிற பேயர் ஒருவருக்கு, ஹோல்டிலேயே பொழுது போகிற பேயர் இன்னொருவருக்கு, எண்ணிக்கை மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்று. மாதக் கடைசியில் ஹடிலில் எண்ணிக்கை குறைந்தவர்கள் பெயரை எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள். என் பெயரும் வந்திருக்கிறது, வராத மாதங்களும் உண்டு. இரண்டு நிலைமையிலும் எனக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்தது இன்சென்டிவ். ஆஃபர் லெட்டரில் போட்டிருந்த வருடச் சம்பளத்தில் இதுவும் ஒரு பகுதி. 2023-இல் ஒரு மாதம், பாதி மாதம் போன பிறகு மெயில் வந்தது: குவாலிட்டி ஸ்கோர் 95-லிருந்து 98, தினசரி எண்ணிக்கையும் கூடுதல், அதுவும் அந்த மாதம் முதல் தேதியிலிருந்தே. பழைய கணக்குப்படி எனக்கு வரவேண்டிய தொகை புதிய கணக்கில் வரவில்லை. எச்ஆருக்கு மெயில் போட்டேன். இன்சென்டிவ் விதிகளை மாற்ற நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று ஆஃபர் லெட்டரிலேயே இருக்கிறது என்று பதில் வந்தது. எடுத்துப் பார்த்தேன், அந்த வரி இருக்கிறது. அதனால் ஒப்பந்தத்தை மீறினார்கள் என்று நான் சொல்லவில்லை. பாதி ஆட்டத்தில் விதியை மாற்றி ஏற்கெனவே முடிந்த நாட்களுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டது நியாயமாக இல்லை என்பது என் கருத்து.

பிஎஃப் பற்றிப் பல பேர் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதங்களுக்குச் சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டியது, பாஸ்புக்கில் பதிவு வழக்கத்தைவிட மிகவும் தாமதமாக வந்தது. பாஸ்புக்கில் ஏறுவதே சில சமயம் லேட் ஆகும் என்பதால், நிறுவனம் எந்தத் தேதியில் கட்டியது என்று என்னால் அடித்துச் சொல்லமுடியாது. பிறகு முழுத்தொகையும் வந்துவிட்டது, என் பங்கு, அவர்கள் பங்கு இரண்டும் சரியாக இருக்கிறது.

நிறுவனத்துக்கு நான் கொடுக்கும் ரேட்டிங் நாலிலிருந்து மூன்றாகக் குறைந்தது வேலையை விட்ட பிறகுதான். அறுபது நாள் நோட்டீஸை முழுதாக முடித்தேன். லேப்டாப், ஐடி கார்டு, ஹெட்செட் எல்லாம் ஒப்படைத்து ‘நோ டியூஸ்’ மெயிலும் வாங்கினேன். ஃபுல் அண்ட் ஃபைனல் 45 நாளில் வரும் என்று அவர்கள் கொடுத்த எக்ஸிட் மெயிலில் இருக்கிறது. எனக்கு வந்தது நாலாவது மாதம். நடுவில் போட்ட ஒவ்வொரு மெயிலுக்கும் “பிராசஸில் இருக்கிறது” என்ற ஒரே பதில்தான். ரிலீவிங் லெட்டரும் அதனுடன்தான் வந்தது. புதிய கம்பெனியின் பேக்ரவுண்ட் செக்கில் ராஜினாமா ஏற்பு மெயிலையும் கடைசி மூன்று சம்பளச் சீட்டையும் காட்டிச் சமாளித்தேன். கடைசியில் தொகை சரியாக வந்தது, எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை. என்னோடு அதே மாதம் விலகிய ஒருவருக்கு 45 நாளுக்குள்ளேயே வந்துவிட்டதாக அவரே சொன்னார், ஆகவே எல்லாருக்கும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு ஏன் தாமதம் என்று மட்டும் இதுவரை யாரும் சொல்லவில்லை.

நிர்வாகத்துக்கு

டார்கெட்டை மாற்றுவதாக இருந்தால் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து மாற்றுங்கள். ஹோல்ட் நேரம் டயலர் ரிப்போர்ட்டில் ஏற்கெனவே பதிவாகிறது, அதைக் கணக்கில் எடுக்கப் புதிதாக எதுவும் வாங்கவேண்டாம். ரிலீவிங் லெட்டரைச் செட்டில்மென்ட்டுடன் கட்டிவைக்காதீர்கள், ‘நோ டியூஸ்’ வந்த அன்றே கொடுத்துவிடலாம். எக்ஸிட் இன்டர்வியூவிலும் இதையே சொன்னேன், எச்ஆரில் பேசியவர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

சேர நினைப்பவர்களுக்கு

ஃப்ரெஷர் என்றால் தாராளமாகச் சேரலாம். இரண்டு வருடத்தில் கிடைக்கும் அனுபவத்துக்கு வெளியே மதிப்பு இருக்கிறது. அனுபவசாலி என்றால் மொத்த சிடிசியைப் பார்க்காதீர்கள். இன்சென்டிவைக் கழித்துவிட்டு மாதம் கைக்கு எவ்வளவு என்று கேளுங்கள், அந்தத் தொகைக்குச் சம்மதமென்றால் மட்டும் சேருங்கள். டார்கெட் எவ்வளவு, எந்த பேயர், விதி மாறினால் எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள் என்று எச்ஆரிடம் மெயிலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். போனில் சொன்னது பிறகு உதவாது. சம்பளச் சீட்டை மாதாமாதம் உங்கள் சொந்த மெயிலுக்கு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாளன்று மாலையே போர்ட்டல் லாகின் போய்விடும். கிளையன்ட் சம்பந்தப்பட்ட எதையும் அப்படி அனுப்பாதீர்கள், அது வேறு வம்பு.

நான் விலகியது 2024-இல். அதன் பிறகு விதிகள் மாறியிருக்கலாம், இப்போது உள்ளே இருப்பவர் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.