பழைய பயனர் பெயரை விட்டுவிட்டேன், கான்டாக்டில் மாற்றிக்கொள்ளுங்கள்

12 ஜனவரி 2026

அன்புள்ள நண்பர்களுக்கு,

`ezhilan1987nellai` என்ற பெயரை இனி எங்கேயும் நான் பயன்படுத்தப்போவதில்லை. புதிய பெயர் `thaazhaputhar`. இந்தக் கடிதம் வந்திருக்கும் மின்னஞ்சல் முகவரியும் புதியதுதான்.

இதை நம்பி உடனே எதையும் மாற்றிவிடாதீர்கள். "என் பெயர் மாறிவிட்டது, இனி இதில் பேசுங்கள்" என்றுதான் ஏமாற்றுக்காரர்களும் எழுதுவார்கள். உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கும் என் நம்பருக்கு ஒரு தடவை கூப்பிட்டு, குரலைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நம்பர் மாறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தில் எந்த நம்பரையும் நான் எழுதவில்லை. கடிதத்திலேயே இருக்கும் நம்பருக்குப் போன் செய்து சரிபார்ப்பதில் அர்த்தமில்லை.

ஏன் மாற்றினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய பெயரில் என் பெயர், பிறந்த ஆண்டு, ஊர் மூன்றும் இருந்தன. ஆர்க்குட் காலத்தில் அப்படிப் பெயர் வைப்பது சகஜம், அப்போது அதனால் ஒரு கெடுதலும் இல்லை. இன்று நிலைமை வேறு. இ-ஆதார் பிடிஎஃப் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு எழுத்துகள் பெரிய எழுத்தில், அதோடு பிறந்த ஆண்டு. என் விஷயத்தில் அது `EZHI1987`. பழைய பயனர் பெயரைப் பார்க்கிற யாரும் அதை எழுதிவிடலாம். எங்காவது ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பு தங்கிப்போனால், பூட்டு இருந்தும் இல்லாத மாதிரிதான். உங்கள் பயனர் பெயரிலும் பெயரும் ஆண்டும் சேர்ந்து இருந்தால் இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு காரணம், போலிக் கணக்கு. போன நவம்பரில் என் படத்தை வைத்து ஒருவர் கணக்கு தொடங்கி, நம்மில் இரண்டு பேரிடம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று 8,000 ரூபாய் கேட்டிருக்கிறார். பயனர் பெயரில் சின்ன `l` இருக்க வேண்டிய இடத்தில் பெரிய `I` இருந்தது. பல செயலிகளின் எழுத்துருவில் இரண்டும் வெறும் ஒரு கோடுதான், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. புதிய பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது `l`, `i`, `o` மூன்றையும், `rn` என்று எழுதி ஏமாற்றக்கூடிய `m` எழுத்தையும் தவிர்த்தேன். எண்ணும் இல்லை, அடிக்கோடும் இல்லை. அடிக்கோடு இருந்தால் கூடுதலாக ஒன்று போட்டு அதே மாதிரி இன்னொரு பெயரை உருவாக்கிவிடலாம்.

இனி எதை எங்கே மாற்ற வேண்டும் என்று பார்ப்போம்.

வாட்ஸ்அப்பில் ஒன்றும் செய்ய வேண்டாம். அது நம்பரை வைத்து இயங்குகிறது, நம் குழுக்களும் அப்படியே இருக்கும்.

டெலிகிராமில் நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் உரையாடல் தொடரும், பெயர் மட்டும் புதிதாகத் தெரியும். ஆனால் பழைய `t.me` இணைப்பை எங்காவது குறித்து வைத்திருந்தால் அது என்னிடம் வராது. விட்ட பெயரை வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், பழைய பெயரில் ஒரு பொதுச் சேனல் தொடங்கி அதை நானே பிடித்து வைத்திருக்கிறேன். அதில் ஒரே ஓர் அறிவிப்பு மட்டும் இருக்கும். அந்தப் பெயரிலிருந்து யாராவது தனியாக உங்களிடம் பேசினால் அது நான் இல்லை.

சிக்னலில் `thaazhaputhar.53`. அங்கே பெயருக்குப் பின்னால் புள்ளியும் எண்களும் கட்டாயம், அவற்றையும் சேர்த்துத்தான் தேட வேண்டும். ஏற்கெனவே பேசுகிறவர்கள் தேடவே தேவையில்லை.

அதிகம் குழப்பம் வரும் இடம் மின்னஞ்சல். கூகுள் கான்டாக்ட்ஸில் என் பெயரைத் திறந்து, பென்சில் குறியைத் தொட்டு, பழைய முகவரியை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டுச் சேமியுங்கள். புதிதாக இன்னொரு கான்டாக்ட் உருவாக்காதீர்கள். உருவாக்கினால் பிறகு `Merge & fix` இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லும், ஒன்றாக்கினால் பழைய முகவரியும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். இத்தோடு முடியவில்லை. இடப்பக்கம் `Other contacts` என்று ஒரு பட்டியல் இருக்கிறது. யாருக்கெல்லாம் மெயில் போட்டோமோ அந்த முகவரிகள் தானாக அதில் சேர்ந்திருக்கும். ஜிமெயிலில் "எழி" என்று அடிக்கத் தொடங்கியதும் பழைய முகவரி எட்டிப் பார்ப்பது அங்கிருந்துதான். அதிலும் தேடி அழியுங்கள். அவுட்லுக் வைத்திருப்பவர்கள், பெறுநர் கட்டத்தில் என் பெயரை அடிக்கும்போது வரும் பரிந்துரையின் ஓரத்தில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் போதும்.

அவசரம் இல்லை. பழைய முகவரிக்கு வருகிற மெயில் 30 ஜூன் 2026 வரை புதிய முகவரிக்குத் திருப்பிவிடப்படும். ஆனால் டிரைவில் பகிர்ந்த கோப்புகள் அப்படி வராது. பழைய கணக்குக்குக் கொடுத்த அனுமதி அந்தக் கணக்கோடு நின்றுவிடும். குற்றாலம் படங்கள் உள்ள ஃபோல்டரையும் வீட்டு வாடகைக் கணக்கு ஷீட்டையும் புதிய முகவரிக்கு ஒரு முறை பகிருங்கள், பழையதை நீக்கிவிடுங்கள்.

பணம் அனுப்புகிறவர்கள் கவனிக்க: பழைய பெயரில் இருந்த யுபிஐ ஐடியை நீக்கிவிட்டேன். குழுவில் போட்ட க்யூஆர் படமும் இனி செல்லாது, கேலரியிலிருந்து அழித்துவிடுங்கள். உங்கள் செயலியில் சேமித்து வைத்திருக்கும் பழைய ஐடியையும் நீக்குங்கள். புதிய ஐடியை யாருக்கும் எழுதி அனுப்பப்போவதில்லை, தேவைப்படும்போது போனில் சொல்கிறேன். அனுப்பும் முன் திரையில் வங்கிக் கணக்கில் உள்ள பெயராக "எழிலன் மு" என்று வருகிறதா பாருங்கள். வேறு பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். உங்களுக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. என் பெயரைச் சொல்லி யாராவது கேட்டுப் பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. `cybercrime.gov.in` தளத்திலும் புகார் பதியலாம்.

கிட்ஹப்பில் என்னோடு சேர்ந்து எழுத்துப்பிழை திருத்தியில் வேலை செய்கிற மூவருக்கு மட்டும்: பழைய ரெப்போ முகவரி இப்போதைக்குப் புதியதற்குத் திருப்பிவிடப்படுகிறது. ஆனால் பழைய பெயரை வேறொருவர் எடுத்து, அதே பெயரில் ஒரு ரெப்போ தொடங்கினால் அந்தத் திருப்பல் நின்றுவிடும். அதன் பிறகு நீங்கள் புல் செய்வது வேறு யாருடைய கோடாகவோ இருக்கும். ஆகவே இதை இன்றே செய்துவிடுங்கள்:

```
git remote set-url origin https://github.com/thaazhaputhar/pizhai-thiruththi.git
git remote -v
```

இரண்டாவது கட்டளையில் வரும் இரண்டு வரியிலும் புதிய பெயர் தெரிய வேண்டும்.

தமிழ் விக்கிப்பீடியாவிலும் பெயர் மாற்றம் முடிந்துவிட்டது. பழைய தொகுப்புகள் எல்லாம் புதிய பெயருக்கு வந்துவிட்டன. உரையாடல் பக்கங்களில் போட்ட கையொப்பங்கள் மட்டும் பழையபடியே இருக்கும், அவற்றைத் திருத்த வேண்டாம். என்னைக் குறிப்பிட்டு எழுதும்போது புதிய பெயரைப் போடுங்கள், பழையதைப் போட்டால் எனக்கு அறிவிப்பு வராது.

இந்தக் கடிதத்தைப் பெரிய குழுக்களில் போட வேண்டாம். இந்த விவரங்கள் தெரிந்தால் போலிக் கணக்கு தொடங்குவது இன்னும் சுலபம். நம் வட்டத்தில் யாருக்காவது இது வராமல் விட்டுப்போயிருந்தால் பெயரை மட்டும் சொல்லுங்கள், நானே அவர்களைக் கூப்பிடுகிறேன். போன் செய்கிறவர்கள் ராத்திரி எட்டரைக்கு மேல் செய்தால் நிதானமாகப் பேசலாம்.

அன்புடன்,
எழிலன்