கைடு வாங்கும் முன்: பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

ஓணப் பரீட்சை நெருங்குகிறது. "டீச்சர், பொள்ளாச்சி போறேன், கைடு வாங்கிட்டு வரட்டுமா?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். எல்லாருக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

பொள்ளாச்சியில் கிடைக்கும் தமிழ்வழிக் கைடு தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கானது. நம் கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைகள் தமிழில் படித்தாலும் எழுதப்போவது கேரள எஸ்.எஸ்.எல்.சி. பாட வரிசையும் கேள்வி கேட்கும் விதமும் வேறு. அக்காவோ அண்ணனோ வைத்திருந்த பழைய கேரளக் கைடும் உதவாது; 2025இல் பத்தாம் வகுப்புப் புத்தகங்களே மாறிவிட்டன.

சரியான கைடே கிடைத்தாலும், பிள்ளை தன் கையால் எழுதும் சுருக்கத் தாளுக்கு அது ஈடாகாது. கைடில் எது முக்கியம் என்று வேறு யாரோ முடிவு செய்து கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், பரீட்சை ஹாலில் வராது. தாள் எழுத உட்கார்ந்தால் எதை விடுவது, எதை வைப்பது என்று பிள்ளையே யோசித்தாக வேண்டும். படிப்பு நடப்பது அந்த யோசனையில்தான்.

லென்ஸ் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கைடில் குவிலென்ஸுக்கு ஆறு வரிசை அட்டவணை இருக்கும், மனப்பாடம் செய்வார்கள். நான் எழுதச் சொல்லும் தாளில் அட்டவணை கிடையாது. முக்கிய அச்சுக்கு இணையாக வரும் கதிர் ஒன்று, லென்ஸின் நடுவில் நேராகப் போகும் கதிர் ஒன்று, இந்த இரண்டையும் வைத்துப் படம் வரைய வேண்டும். பொருளைக் குவியத் தூரத்தின் இரு மடங்கான 2F-க்கு வெளியே வைத்தால் பிம்பம் சிறிதாகத் தலைகீழாக விழுவதையும், குவியமான F-க்கு உள்ளே வைத்தால் கதிர்கள் விரிந்துபோய் நிமிர்ந்த, பெரிய மாய பிம்பம் தெரிவதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். அப்புறம் அட்டவணை எதற்கு?

தாள் எழுதும் முறை: பாடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடவேண்டும். நினைவில் உள்ளதை ஒரே பக்கத்தில் எழுதி, பிறகு திறந்து பார்த்து, விட்டதைச் சிவப்பு மையில் சேர்க்க வேண்டும். ஒரு வாரம் கழித்து வெறும் தாளில் மறுபடி எழுதிவிட்டு, முதலில் சரிபார்க்க வேண்டியது அந்தச் சிவப்பு இடங்களைத்தான். புத்தகத்தைத் திறந்து வைத்துப் பார்த்து எழுதுவது கணக்கில் சேராது. கூட்டாளியின் தாளை ஜெராக்ஸ் எடுப்பதும் கைடு வாங்குவதும் ஒன்றுதான்.

தாளில் கிறுக்கலும் அடித்தலும் இருக்கும். தயவுசெய்து கையெழுத்துக்காகத் திட்டாதீர்கள். பாடம் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. தாளை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, "இதில் என்ன இருக்கு, சொல்லு" என்று கேளுங்கள். தடுமாறும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள், மறுநாள் டியூஷனில் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கைடை முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. பழைய வினாத்தாள் தொகுப்பு நேரம் வைத்து எழுதிப் பார்க்க நல்லது, அதற்கும் கிறிஸ்துமஸ் பரீட்சை முடியட்டும். இப்போதைக்கு கோடு போடாத வெள்ளைத் தாள் ஒரு கட்டும் சிவப்புப் பேனா ஒன்றும் வாங்கிக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
டியூஷன் டீச்சர்