கட்டணப் பாக்கி வார அறிக்கை – வகுப்பு வாரியாக (17 நவம்பர் 2025, திங்கள்)

பெறுநர்: முதல்வர்
அனுப்புவது: கட்டணப் பிரிவு (திங்கள்தோறும் காலை 6:30க்குத் தானாக வரும் மின்னஞ்சல்)
கணக்கு எடுத்த நேரம்: 16 நவம்பர், ஞாயிறு இரவு 8:00

மொத்தப் பாக்கி ₹70,200. பாக்கி வைத்திருப்போர் 164 பேரில் 35 பேர்.

| வகுப்பு | மாதக் கட்டணம் | மாணவர் | பாக்கி உள்ளவர் | நவம்பர் | பழைய பாக்கி | மொத்தம் | பழைய பாக்கி, சென்ற வாரம் |
|---|---|---|---|---|---|---|---|
| 8 | ₹800 | 22 | 4 | 3,200 | 800 | 4,000 | 800 |
| 9 | ₹1,000 | 31 | 6 | 6,000 | 2,000 | 8,000 | 3,000 |
| 10 | ₹1,200 | 48 | 11 | 13,200 | 7,200 | 20,400 | 9,600 |
| 11 | ₹1,500 | 27 | 9 | 13,500 | 13,500 | 27,000 | 16,500 |
| 12 | ₹1,800 | 36 | 5 | 9,000 | 1,800 | 10,800 | 3,600 |
| மொத்தம் | | 164 | 35 | 44,900 | 25,300 | 70,200 | 33,500 |

கட்டணம் செலுத்தக் கடைசி நாள் மாதத்தின் 5ஆம் தேதி. 10ஆம் தேதி வரை பொறுத்து, அதன் பிறகும் வராததே இங்கே பாக்கியாக ஏறும். சென்ற வார அறிக்கை 9ஆம் தேதிக் கணக்கு என்பதால் அதில் நவம்பர் பணம் சேரவில்லை. ஆகவே மொத்தத்தை ஒப்பிட வேண்டாம். பழைய பாக்கியை மட்டும் ஒப்பிடவும். அதில் இந்த வாரம் ₹8,200 வசூலாகியுள்ளது.

மூன்று மாதமாகச் செலுத்தாதவர்கள் (செப்டம்பர், அக்டோபர், நவம்பர்): 11-06, 11-15, 11-22 தலா ₹4,500, 10-31 ₹3,600.

யாருடையது என்று தெரியாமல் வங்கிக் கணக்கில் நிற்கும் யுபிஐ வரவு: ₹1,200 இரண்டு, ₹1,800 ஒன்று, ஆக ₹4,200.

நினைவூட்டல் குறுஞ்செய்தி போய்ச் சேராத எண்கள்: 9-18, 10-31.

அலுவலகக் குறிப்பு (இந்தப் பகுதி மட்டும் ஒவ்வொரு வாரமும் கணக்காளர் எழுதிச் சேர்ப்பது)

சார், இந்த வாரம் முதலில் 11ஆம் வகுப்பைப் பாருங்கள். மூன்றில் ஒருவர் பாக்கி. இந்தக் கல்வியாண்டு முதல் 11க்குப் பொதுத்தேர்வு இல்லை என்று அரசு அறிவித்த பிறகு, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று போனிலேயே சில பெற்றோர் சொல்கிறார்கள். அக்டோபர் 20 தீபாவளிச் செலவும் சேர்ந்துகொண்டது. ஆனால் 27,000இல் சரிபாதி மூன்றே பேருடையது. அந்த மூவரையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது என்பது என் கருத்து.

11-06, 11-22 இருவரும் தீபாவளி விடுமுறைக்குப் பிறகு வகுப்புக்கே வரவில்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டேன். நாம் "நின்றுவிட்டார்" என்று குறிக்காத வரை மென்பொருள் மாதா மாதம் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போகும். உண்மையில் நின்றிருந்தால் நவம்பர் ₹1,500ஐ அவர்களிடம் கேட்பது நியாயமில்லை. தலா ₹3,000தான் வர வேண்டியது. வகுப்பு ஆசிரியர் இன்றே வீட்டுக்குப் பேசி, பிள்ளை ஏன் வரவில்லை என்று முதலில் கேட்கட்டும். பணத்தை அதற்குப் பிறகு கேட்கலாம்.

11-15 ஒரு நாள்கூட விடுவதில்லை. 8ஆம் வகுப்பில் அக்டோபர் பாக்கி உள்ள 8-09 அவருடைய தங்கை. இரண்டையும் சேர்த்தால் அந்த வீட்டுப் பாக்கி ₹6,100. அப்பா சனிக்கிழமை நேரில் வந்து, இப்போது ₹2,000 தருகிறேன், மீதியை ஜனவரிக்குள் இரண்டு தவணையில் முடிக்கிறேன் என்றார். ஒப்புக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன். தவணைக்கு உங்கள் அனுமதி வேண்டும். கிடைத்ததும் இரண்டு பிள்ளைகளுக்கும் தானியங்கி நினைவூட்டலை நிறுத்திவிடுவேன்.

10-31 வீட்டுக்கு நம் செய்தி எதுவுமே போயிருக்காது, எண் மாறியிருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் கடிந்து பேசிவிடக் கூடாது. புதிய எண்ணை டைரியில் எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன். 9-18க்கும் அப்படியே.

10, 12ஆம் வகுப்புகளில் நவம்பர் மட்டும் பாக்கியுள்ள 10 பேரை நாளை மாலை வரை யாரும் அழைக்க வேண்டாம். பெயர் தெரியாத மூன்று வரவும் அவர்களில் சிலருடையதாக இருக்கலாம். பணம் கட்டிய பெற்றோரிடமே மறுபடி கேட்டால் அவர்கள் மனம் புண்படும். யுபிஐயில் அனுப்பும்போது வரிசை எண்ணைக் குறிப்பில் போடச் சொல்லி க்யூஆர் அட்டைக்குக் கீழே எழுதி ஒட்டிவிட்டோம்.

இன்னொன்று. சென்ற வாரம் ஒரு வகுப்பில் பாக்கி உள்ளவர்களின் பெயரை எல்லோர் முன்னாலும் வாசித்ததாக இரண்டு பெற்றோர் வருத்தப்பட்டார்கள். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. கட்டணத்துக்காக எந்தப் பிள்ளையும் வெளியே நிற்கவோ தலைகுனியவோ கூடாது. பாக்கிப் பேச்சு பெற்றோரோடு மட்டும், அலுவலகம் வழியாக மட்டும் என்று நீங்களே ஆசிரியர்களிடம் ஒருமுறை சொன்னால் நன்றாக இருக்கும்.

உங்களிடம் கேட்பது இரண்டு: 11-15 தவணைக்கு அனுமதி, 11-06, 11-22 நின்றது உறுதியானால் நவம்பர் கட்டணத்தை நீக்க அனுமதி. இந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதலாம்.

அடுத்த அறிக்கை: 24 நவம்பர், திங்கள் காலை 6:30.