வாசல் விரிப்பு: அவர் கட்டாரில் இருந்து திரும்பி வருவதற்காக

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. வட்டக்கச்சியில் இரவு எட்டரை என்றால் தோகாவில் ஆறு மணிதான். கதைத்து முடித்து, மகளும் மாமியும் படுத்த பிறகு டாரட் கட்டை எடுத்தேன். கேள்வியை முதலில் கொப்பியில் எழுதினேன்: இந்த ஒப்பந்தம் முடிந்து வந்தால், நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் புருசன் பெண்சாதியாக இருக்க முடியுமா? எப்போது வருவார் என்று கேட்கவில்லை. அதைக் கம்பனிதான் சொல்லவேண்டும்.

78 சீட்டையும் கலைத்து இடக்கையால் வெட்டினேன். இடப்பக்கம் இரண்டு அவருக்கு, வலப்பக்கம் இரண்டு எனக்கு. நடுவில் வாசலுக்கு ஒன்று, அதற்குக் கீழே கலியாணத்துக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே செய்யவேண்டியதற்கு ஒன்று. தலைகீழாக வந்தவற்றை அப்படியே விட்டேன்.

1. அவர் அங்கே சுமப்பது: நாணயம் எட்டு

ஒருவன் வாங்கில் இருந்து நாணயத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறான். ஊர் அவனுக்குப் பின்னால், தூரத்தில். இவர் 2016 இல் கம்பி கட்டுகிற வேலைக்குப் போனவர். கோடையில் மத்தியானம் வெளி வேலை செய்யக்கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. அதனால் விடிய முன்னமே பஸ் ஏறுகிறார். கதைக்கும்போது களைப்பைச் சொல்லமாட்டார். குரலில் எனக்குத் தெரியும்.

2. அவரைத் தடுப்பது: நாணயம் நான்கு, தலைகீழ்

நேராக வந்தால் காசை நெஞ்சோடு அணைத்திருப்பவன். தலைகீழாகப் பார்க்க, பிடி நழுவுகிற மாதிரி. "வந்து என்ன செய்யிறது?" என்று அடிக்கடி கேட்கிறார். அந்தக் கேள்விக்குள் இருக்கிற பயம் இதுதான்: வெறுங்கையோடு வந்தால் வீட்டில் தனக்கு என்ன மதிப்பு? கடன் அடைந்துவிட்டது, நகை மீட்டாச்சு, கூரை போட்டாச்சு. அவ்வளவும் அவருடைய உழைப்பு. அதைப் போதுமான அளவு அவருக்கு யாரும் சொல்லவில்லை.

3. நான் இப்போது யார்: வாள் இராணி

இந்தச் சீட்டில் கனநேரம் நின்றேன். கையில் நிமிர்ந்த வாள், முகத்தில் சிரிப்பில்லை. தனித்து நின்றவள், விதவை என்றெல்லாம் இவளுக்குப் பலன் சொல்வார்கள். 2009 க்குப் பிறகு வன்னியில் அப்படி எத்தனை வீடு! என் புருசன் உயிரோடு இருக்கிறார், அது கடவுள் தந்தது. ஆனாலும் இரணைமடுத் தண்ணீர் வாய்க்காலில் வரும்போது வயலுக்கு நான்தான் போகிறேன். கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். காலபோகத்துக்கு என்ன நெல்லு விதைப்பது, உழவு மெசின் யாரிடம் பிடிப்பது, மகளை எந்த ரியூசனுக்கு விடுவது, எல்லாம் என் முடிவு. இவள் வாளைக் கீழே வைக்கமாட்டாள். வைக்கவும் கூடாது. மற்றக் கை நீட்டியபடி இருக்கிறதே, அதையும் பார்த்தேன். வருகிறவரை வரவேற்கிற கை அது.

4. நான் பயப்படுவது: சந்திரன்

ஊர்க்கதை. அங்கே அவரைப் பற்றியும் இங்கே என்னைப் பற்றியும். அரைவெளிச்சத்தில் கண்டதை முழுசாக நம்பாதே என்கிற சீட்டு. இதற்கு மேல் எழுதவில்லை.

5. வாசல்: கோல் நான்கு

நான்கு கம்பத்தில் பூமாலை, கலியாணப் பந்தல் போல. சந்தோசமான சீட்டு. வேன் முறிகண்டியில் நிற்கும், தேங்காய் உடைப்பார், மகள் அவரை விடமாட்டாள். வருகிற நாள் நல்லாகவே இருக்கும். எனக்கு யோசனை அதற்குப் பிறகு வருகிற நாட்களைப் பற்றித்தான்: சூட்கேஸ் வெறுமையாகி, சொந்தக்காரர் வந்து போய், அவர் காலையில் எழும்பி எங்கே போவது என்று தெரியாமல் முற்றத்தில் நிற்கிற நாட்கள்.

6. எங்கள் கலியாணம்: கோப்பை இரண்டு, தலைகீழ்

பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது. உறவு முறியும் என்றும் இதற்குப் பலன் உண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. இரண்டு பேரும் கோப்பையை நீட்டுகிறார்கள், கை எட்டவில்லை. இன்றைக்கும் முதல் கேள்வி "சாப்பிட்டீரோ?" தான். ஆனால் ஒருவருக்கொருவர் நோகக்கூடாது என்று நல்லதை மட்டும் சொல்லிச் சொல்லி, மிச்சம் எல்லாம் சொல்லாமலே கிடக்கிறது.

7. செய்யவேண்டியது: நிதானம்

தேவதையின் ஒரு கால் நிலத்தில், ஒரு கால் தண்ணீரில். ஒரு கோப்பையில் இருந்து மற்றதுக்கு மெல்ல ஊற்றுகிறாள். அவசரம் வேண்டாம், ஆனால் இப்போதே தொடங்கு.

அவர் வரும்வரை பார்த்திருக்கப் போவதில்லை. வயலை எப்படிப் பிரித்துப் பார்ப்பது, காசுக் கணக்கை இருவரும் சேர்ந்து எழுதுவது, வந்த உடனே மகளை அதட்டாமல் இருப்பது, இவற்றை ஒவ்வொரு வெள்ளியும் ஒவ்வொன்றாகக் கதைக்கப்போகிறேன். அடுத்த வெள்ளி முதலில் இதைச் சொல்லுவேன்: "இஞ்சாருங்கோ, நீங்கள் வெறுங்கையோட வந்தாலும் எனக்குச் சரி. ஆனா நான் இப்ப பழைய ஆள் இல்லை. அதைத் தெரிஞ்சுகொண்டு வாங்கோ."