ஆகஸ்ட் 27 முதல் செப்டம்பர் 2 வரை கேட்ட விடுப்புக்குப் பதில்

திருப்பூர்
12.08.2026

அன்புள்ள சரவணன்,

பாப்பாவின் காதுகுத்துக்காக ஆகஸ்ட் 27 வியாழன் முதல் செப்டம்பர் 2 புதன் வரை நீங்கள் கேட்ட ஆறு நாள் விடுப்பை இந்த முறை கொடுக்க முடியாத நிலையில் இருக்கிறேன். குலதெய்வக் கோயிலில் முதல் மொட்டை, காதுகுத்து என்றால் வீட்டில் எவ்வளவு பெரிய விசேஷம் என்று தெரியும். அதனால்தான் திங்கட்கிழமை விண்ணப்பத்தை வாங்கியவுடன் மறுக்காமல், இரண்டு நாளாகப் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செப்டம்பர் 9 முதல் 16 வரை உங்களுக்கு விடுப்பு இப்போதே எழுதி வைத்துவிட்டேன். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். அதற்கு முன், ஏன் முடியவில்லை என்பதை முழுதாகச் சொல்வதுதான் முறை.

முதலில் என் பக்கத் தவறு. ஜூலையில் நீங்கள் இதைப் பற்றி வாய்ப்பேச்சாகக் கேட்டபோது, "பார்த்துக்கலாம், எழுதிக் கொடுங்க" என்றேன். நீங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டதில் தப்பே இல்லை. அன்று இருந்த பிளானில் குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் ஆகஸ்ட் 22-ம் தேதியே கிளம்பியிருக்க வேண்டும். 27-ம் தேதி பேக்கிங் செக்ஷன் காலியாகத்தான் இருந்திருக்கும். பிறகு நேவி கலரில் பாடியும் ரிப்பும் ஷேடு ஒத்துப்போகாமல் ரிப் துணியைத் திரும்பச் சாயத்துக்கு அனுப்பினோம். அது வந்து காம்பாக்டிங் முடித்துக் கட்டிங்குக்குக் கிடைத்தபோது ஒரு வாரம் போய்விட்டது. தேதி தள்ளிப்போன அன்றே உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்கு மன்னிக்கவும்.

இப்போதைய கணக்கு இது. மொத்தம் 18,240 பீஸ், அட்டைப்பெட்டி 760. செக்கிங்கும் அயர்னிங்கும் முடிந்த சரக்கு 24-ம் தேதி மாலையிலிருந்துதான் உங்கள் டேபிளுக்கு வரத் தொடங்கும். ஒரு நாளைக்கு 190 பெட்டி என்று வைத்தாலும் முழு நான்கு நாள் வேண்டும். 29 சனிக்கிழமை காலை பையரின் இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் பெட்டியைத் தொட வேண்டுமென்றால் தையல் நூறு சதவீதம் முடிந்திருக்க வேண்டும், எண்பது சதவீதம் பேக் ஆகியிருக்க வேண்டும். அதாவது வெள்ளிக்கிழமை இரவுக்குள் குறைந்தது 608 பெட்டி டேப் ஒட்டி நிற்க வேண்டும். செப்டம்பர் 1 செவ்வாய் லோடிங். தூத்துக்குடியில் 3-ம் தேதி மாலை ஆறு மணிக்குள் கன்டெய்னர் உள்ளே போகவில்லையென்றால் அந்தக் கப்பல் இல்லை.

பேக்கிங்குக்கு வேறு ஆள் போட முடியாதா என்று நீங்கள் நினைக்கலாம், நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். இது சாலிட் பேக்கிங்காக இருந்தால் நிச்சயம் போட்டிருப்பேன். ஒரு பாலிபேக்கில் ஆறு பீஸ், நான்கு சைஸ், ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று என்ற ரேஷியோ. நான்கு பாலிபேக் சேர்ந்தால் ஒரு பெட்டி. மூன்று கலர். மொத்தம் 3,040 பாலிபேக். நடு இரண்டு சைஸும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், லேபிளைப் பார்த்தால்தான் தெரியும். ஒரு கட்டில் சைஸ் மாறினால் அந்தக் கட்டோடு நிற்காது, கடைசியில் ஒரு சைஸ் மிச்சமும் இன்னொரு சைஸ் குறையுமாக வந்து நிற்கும். அப்போது எந்தப் பெட்டியில் தப்பு என்று கண்டுபிடிக்க அத்தனை பெட்டியையும் அறுக்க வேண்டும். போன வருடம் பார்கோடு ஸ்டிக்கர் மாறி 212 பெட்டியைத் திரும்பப் பிரித்தோமே, அந்த ராத்திரி உங்களுக்கும் மறந்திருக்காது. அதற்குப் பிறகு நீங்கள் கொண்டுவந்த முறை, ஒவ்வொரு சைஸ் பண்டலுக்கும் தனிக் கலர் நூல் கட்டி டேபிளில் வரிசை மாறாமல் வைப்பது, அதை ஓட்டத் தெரிந்தவர் இன்று நீங்கள் ஒருவர்தான்.

குழந்தைகள் உடை என்பதால் நீடில் டிடெக்டர் பதிவேடும் இருக்கிறது. மணிக்கொரு முறை 1.2 மில்லிமீட்டர் டெஸ்ட் பீஸை ஓட்டி நேரமும் கையெழுத்தும் போட வேண்டும். இன்ஸ்பெக்டர் சரக்கைப் பார்ப்பதற்கு முன் அந்த நோட்டைத்தான் கேட்பார். ஒரு மணி நேரம் விட்டுப்போனாலும் அந்த நேரத்தில் ஓடிய பெட்டிகளைத் திரும்ப ஓட்டச் சொல்வார்.

18,240 பீஸுக்கு அவர் 315 பீஸ் எடுப்பார். மேஜர் குறை 14 வரை பாஸ், 15 ஆனால் ஃபெயில். சைஸ் மாறியிருப்பதும் மேஜர்தான். ஃபெயில் ஆனால் மொத்தச் சரக்கையும் பிரித்துச் செக் செய்ய மூன்று நாள் ஆகும், மறு இன்ஸ்பெக்ஷனுக்கு இன்னொரு நாள் வேண்டும், கப்பல் போய்விடும். பிறகு ஏர். ஏரில் அனுப்பினால் இந்த ஆர்டரில் நமக்கு வருவது முழுதும் சரக்குக் கட்டணத்துக்கே போய்விடும். அடுத்த சீசன் ஆர்டரையும் இந்த ஷிப்மெண்டைப் பார்த்துத்தான் தருவதாக பையர் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு லைனுக்கு நான்கு மாத வேலை அது.

அதே வாரத்துக்கு உங்களைத் தவிர மூன்று பேர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மருத்துவக் காரணமான ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டேன், மற்ற இரண்டுக்கும் இதே பதில்தான். யார், என்ன காரணம் என்பதை இங்கே எழுதுவது சரியில்லை, உங்கள் விஷயத்தையும் அவர்களிடம் சொல்லமாட்டேன். உங்களை மட்டும் பிடித்து வைக்கிறேன் என்ற எண்ணம் வரக்கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் 15 நாளுக்கு மேல் இருக்கும்போதே எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள், கேட்ட முறையில் ஒரு குறையும் இல்லை. ஆகவே இந்த ஆறு நாளும் உங்கள் கணக்கில் "கேட்டு மறுக்கப்பட்டது" என்றே பதிவாகும். அடுத்த வருடத்துக்கு விடுப்பைக் கொண்டுபோகும்போது 30 நாள் வரம்பில் இதைச் சேர்க்கமாட்டார்கள். ஹெச்.ஆரில் எழுதி வாங்கிய நகலை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். ஆவணியிலேயே இன்னொரு முகூர்த்தம் செப்டம்பர் 13 ஞாயிற்றுக்கிழமை இருப்பதாகப் பெரியவர்கள் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று விண்ணப்பத்தில் நீங்களே குறிப்பிட்டிருந்தீர்கள். அதை நம்பித்தான் 9 புதன் முதல் 16 புதன் வரை ரிஜிஸ்டரில் ஏற்றியிருக்கிறேன். நடுவில் ஞாயிறும், 14-ம் தேதி விநாயகர் சதுர்த்தி விடுமுறையும் வருவதால் கணக்கில் கழிவது அதே ஆறு நாள், உங்களுக்குக் கிடைப்பது சேர்ந்தாற்போல் எட்டு நாள். அந்த வாரத்தில் எந்த ஷிப்மெண்டும் இல்லை. ஒருவேளை இந்தச் சரக்கே இன்னும் தள்ளிப்போனாலும் இந்த விடுப்பை மாற்றமாட்டேன். அப்படி வந்தால் அந்த டேபிளில் நான் நிற்கிறேன்.

13-ம் தேதி எந்த வகையிலும் ஒத்துவராது, முதலில் குறித்த ஆகஸ்ட் 30-ம் தேதிதான் என்று பெரியவர்கள் உறுதியாக இருந்தால், அதற்கும் வழி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை இன்ஸ்பெக்ஷன் மாலை ஐந்துக்குள் முடிந்துவிடும். அங்கிருந்தே கம்பெனி வண்டி உங்களைத் தேனிக்குக் கொண்டுபோய் விடும், இரவுக்குள் ஊர் சேரலாம். ஞாயிறு முழுக்க உங்களுடையது. திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு இங்கே இருந்தால் போதும். இதில் அலைச்சல் அதிகம், முதல் நாள் வேலைகளில் நீங்கள் கூட இருக்க முடியாது. என்னைக் கேட்டால் 13-ம் தேதியே நல்லது. ஆனால் இது உங்கள் வீட்டு விசேஷம், முடிவும் உங்களுடையது. எதைச் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் ஏற்பாடு செய்கிறேன்.

வேனுக்கோ சமையல்காரருக்கோ முன்பணம் கொடுத்திருந்து, தேதி மாற்றுவதால் அது திரும்பி வராவிட்டால், ரசீதை அக்கவுண்ட்ஸில் கொடுங்கள். எம்.டி.யிடம் பேசி ஒப்புதல் வாங்கிவிட்டேன். கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

25 முதல் 28 வரை நான்கு நாளும் ஒன்றரை ஷிப்டுக்கு மேல் உங்களை நிறுத்தமாட்டேன். எட்டு மணிக்கு மேல் வேலை ஓட வேண்டியிருந்தால் அயர்னிங்கிலிருந்து ஆளை மாற்றி நான் பார்த்துக்கொள்கிறேன். இன்னொன்று: ஒரு செக்ஷன் ஒரே ஆளை நம்பி நிற்பது உங்கள் குற்றமல்ல, நிர்வாகத்தின் குறை. வரும் திங்கள் 17-ம் தேதியிலிருந்து முருகேசனை முழு நேரமும் உங்களோடு விடுகிறேன். ரேஷியோ அடுக்கு அவருக்கு ஓரளவு தெரியும். பெட்டி நம்பர் போடுவது, பேக்கிங் லிஸ்ட் எழுதுவது, டிடெக்டர் பதிவேடு, இந்த மூன்றும்தான் கற்க வேண்டும். இந்த ஆர்டரை அவர் உங்கள் கண் முன்னால் ஒருமுறை செய்து பார்த்துவிட்டால், செப்டம்பரில் ஊரில் இருக்கும்போது உங்களுக்கு இங்கிருந்து ஒரு போன்கூட வராது.

வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனாலோ வேறு அவசரம் வந்தாலோ இந்தக் கடிதம் எதையும் தடுக்காது. உடனே கிளம்புங்கள், பிறகு எனக்குச் சொன்னால் போதும். இன்ஸ்பெக்ஷன் அன்றாக இருந்தாலும் அப்படியே.

இன்று இரவு வீட்டில் பேசிவிட்டு, வெள்ளிக்கிழமை 14-ம் தேதி மாலைக்குள் 13-ஆ 30-ஆ என்று சொல்லுங்கள். 30 என்றால் வண்டிக்கும் டிரைவருக்கும் அன்றே சொல்லிவிடுவேன். பெரியவர்களிடம் தேதி மாற்றம் பற்றிச் சொல்வது உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், அப்பாவிடம் நானே போனில் பேசுகிறேன். கம்பெனி தேதியைத் தள்ளியதால்தான் இப்படி ஆனது என்பதை என் வாயால் அவரிடம் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அன்புடன்,
மு. சிவகுமார்
உற்பத்தி மேலாளர்

நகல்: ஹெச்.ஆர். (செப்டம்பர் 9–16 விடுப்புப் பதிவுக்காக மட்டும்)